மேல்வீட்டுத் தண்ணீரும் கீழ்வீட்டுக் கோபமும்

ஒரு சண்டையின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டு கதையும் ஒரே நாளில் தொடங்காது. ஒருவர் கதை போன வருடத்திலிருந்து தொடங்கும். மற்றவர் கதை போன மாதத்திலிருந்து தொடங்கும். இரண்டு பேருமே தங்கள் கதையை மற்றவர் செய்த ஏதோ ஒன்றிலிருந்துதான் தொடங்குவார்கள். தான் செய்தது எல்லாம் அதற்குப் பிறகு வரும் பதிலாகவே இருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கொழும்பில் ஒரு மத்தியஸ்த சபையில் தொண்டராக இருந்து வருகிறேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைக்கப்பட்டவை இந்தச் சபைகள். கடன், எல்லை, அயல்வீட்டுச் சண்டை, குடும்பத் தகராறு என்று பலதும் வரும். மூன்று மத்தியஸ்தர்கள் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்போம். சட்டத்தரணிகள் தங்கள் கட்சிக்காரருக்காக வந்து வாதாட முடியாது. நாங்களும் தீர்ப்புச் சொல்வதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வர உதவுவதுதான் எங்கள் வேலை. அங்கே சொல்லப்படுவது வெளியே போகக்கூடாது. அதனால் இங்கே எழுதுவது ஒரே மாதிரியான சில பிணக்குகளைச் சேர்த்து, ஆள் தெரியாதபடி விவரம் மாற்றியது.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒரு தொடர்மாடி என்று வைத்துக்கொள்வோம். நான்காம் மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். கட்டடத்தில் எல்லோரும் அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நேர் மேலே, ஐந்தாம் மாடியில், புறக்கோட்டையில் கணக்கு வேலை செய்யும் ஒருவர், மனைவி, மாமியார், சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள். மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் கசிந்து ரீச்சரின் குளியலறைச் சீலிங்கில் இறங்குகிறது. அவ்வளவுதான் பிரச்சினை.

ரீச்சர் சொன்ன கதை இது. போன வருடம் முழுக்க இரவு பதினொரு மணிக்குக் கதிரை இழுக்கிற சத்தம். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. பிறகு குளியலறைக் கதவுக்கு மேலே மண்ணிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. படியில் மேல்வீட்டுத் தம்பியைக் கண்டு சொன்னார். "பார்க்கிறேன் ரீச்சர்" என்றார் தம்பி. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் போனது. வட்டம் பெரிதாகி, பூச்சு பொருமி, ஒரு நாள் காலை துணி தோய்க்கும் மெஷின் மேல் ஒரு துண்டு விழுந்தது. அதைப் படம் எடுத்துத் தொடர்மாடியின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அதற்குத் தம்பி, "இதைக் குழுவில் போட்டிருக்க வேண்டிய அவசியமில்லை" என்று எல்லார் முன்னாலும் பதில் எழுதினார். அன்றிலிருந்து லிஃப்டில் கண்டாலும் முகத்தைத் திருப்புகிறார். "என்னைத் தனி ஆள் என்றுதானே இப்படிச் செய்கிறார்கள்" என்று முடித்தார் ரீச்சர்.

மேல்வீட்டுக்காரர் கதை வட்ஸ்அப் படத்திலிருந்து தொடங்கியது. வேலைத்தலத்தில் இருக்கிறபோது போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தால் கட்டடமே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டது. யார் வீட்டுக் குளியலறை என்று எல்லாருக்கும் தெரியும். "ரீச்சர் மேல வந்து ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாம். என்ர பிள்ளை லிஃப்டில போகக் கூச்சப்படுது" என்றார். கசிவைப் பற்றிக் கேட்டபோதுதான் அதற்கு முன்னால் நடந்ததுக்குப் போனார். அதுவும் சுருக்கமாக: "லீக் இருந்தது உண்மை. மேசன் பாஸைப் பிடிக்க முயற்சி செய்துகொண்டுதான் இருந்தனான்."

இதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்படிக் கதை இரண்டாகப் பிரிவதைப் பற்றி நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. 1990இல் உளவியலாளர் ரோய் பௌமைஸ்டரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஆட்களிடம் இரண்டு சம்பவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். ஒன்று, தன்னை இன்னொருவர் கோபப்படுத்திய சம்பவம். மற்றது, தான் இன்னொருவரைக் கோபப்படுத்திய சம்பவம். ஒரே ஆள் இரண்டையும் எழுதினார் என்பதுதான் முக்கியம். பாதிக்கப்பட்டவராக எழுதும்போது கதையின் காலம் நீண்டது. பழைய சம்பவங்கள் உள்ளே வந்தன, காயம் இன்னும் ஆறவில்லை என்று வந்தது, மற்றவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதே விளங்கவில்லை என்று வந்தது. அதே ஆள் தான் செய்த பிழையை எழுதும்போது அது தனியாக நடந்த ஒரு சம்பவம், அதற்கு ஒரு காரணம் இருந்தது, இப்போது அது முடிந்துவிட்டது என்று வந்தது.

கதிரைச் சத்தத்தில் தொடங்கி "இப்படிச் செய்கிறார்கள்" என்று நிகழ்காலத்தில் முடித்த ரீச்சரின் கதை முதல் வகை. "லீக் இருந்தது உண்மை" என்று இறந்தகாலத்தில் ஒரு வரியில் கடந்தது இரண்டாம் வகை. ஆனால் அதே மேல்வீட்டுக்காரர் வட்ஸ்அப் படத்தைப் பற்றிப் பேசும்போது அவரும் முதல் வகைக்குப் போய்விட்டார். அங்கே ரீச்சர்தான் "ஒரே ஒரு படம்தானே போட்டேன்" என்று சுருக்கினார். ஆளின் குணத்தைவிட அந்த நேரத்தில் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதுதான் கதையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது.

பாதிக்கப்பட்டவர் சொல்வதுதான் உண்மைக்குக் கிட்டவாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 1997இல் ஆர்லின் ஸ்டில்வெல்லும் பௌமைஸ்டரும் அதைச் சோதித்தார்கள். எல்லாருக்கும் ஒரே கதையைக் கொடுத்து, சிலரைச் செய்தவர் இடத்திலும் சிலரைப் பாதிக்கப்பட்டவர் இடத்திலும் இருந்து அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். மூலக்கதையோடு ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் விலகியிருந்தது. செய்தவர் பக்கம் காரணங்களைக் கூட்டியது, பாதிக்கப்பட்டவர் பக்கம் காரணங்களைக் குறைத்தது. மத்தியஸ்தர் மேசையில் இருப்பவருக்கு இந்த ஒரு தகவல் பெரிய உதவி. அழுதுகொண்டு பேசுகிறவர் பக்கம் மனது சாய்வது இயல்பு. அப்படிச் சாயும்போது விடுபட்ட காரணங்களைத் தேடி மற்றப் பக்கம் போக வேண்டும் என்று இது நினைவுபடுத்துகிறது.

இனி இந்தப் பிணக்கில் மேசைக்கு வராமல் இருந்தவற்றுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது இதுதான்.

மேல்வீட்டுக்காரரிடம் "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காமல், "ரீச்சர் படியில் சொன்ன அன்று பின்னேரத்திலிருந்து என்னென்ன நடந்தது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கோ" என்று கேட்டோம். அன்றிரவே பாஸுக்குப் போன் எடுத்திருக்கிறார். சனிக்கிழமை வருகிறேன் என்றவர் வரவில்லை. ஊருக்குப் போய்விட்டாராம். இரண்டாவது பாஸ் வந்து பார்த்துவிட்டு, இது ரைல் இடைவெளியில் சீமெந்து அடைத்துத் தீராது என்றார். தரை ரைல் முழுவதையும் உடைத்து, கீழே தண்ணீர் கசியாத பூச்சை மறுபடி பூச வேண்டும், பூச்சுக் காய்ந்த பிறகு தண்ணீர் தேக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ரைல் பதிக்கலாம், ஒரு வாரமாவது ஆகும் என்றார். மாமியாருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கைபிடி பூட்டிய குளியலறை அது ஒன்றுதான். மகளுக்குப் பரீட்சை வேறு கிட்டிவிட்டது. உடைக்கிற சத்தத்தில் பிள்ளை எப்படிப் படிப்பது? பரீட்சை முடிந்த அடுத்த நாள் வேலையைத் தொடங்குவது என்று வீட்டுக்குள் தீர்மானித்தார்கள். அதுவரை தண்ணீர் குறைவாக இறங்கட்டும் என்று அந்தக் குளியலறையில் ஷவரை மூடிவிட்டார்கள். மாமியார் மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் குளித்தார். மற்ற மூன்று பேரும் காலையில் சின்னக் குளியலறைக்கு வரிசையில் நின்றார்கள்.

ரீச்சர் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். ஷவர் மூடியது அவருக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? சீலிங்கில் அவருக்குத் தெரிந்தது வட்டம்தான். ஷவரை மூடியிருக்காவிட்டால் அந்த வட்டம் எவ்வளவு பெரிதாகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாத விஷயம். மேல்வீட்டுக்காரர் மனதிலோ, தான் ரீச்சருக்காகப் பல வாரமாகக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான் போனில் அந்தப் படம் வந்து விழுந்தது. அவருக்கு அவ்வளவு கோபம் வந்த இடம் அதுதான்.

பிறகு ரீச்சரிடம் அதே கேள்வி. படியில் சொன்ன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? இரண்டு வாரம் கழித்து மேலே போய்க் கதவைத் தட்டலாம் என்று படியேறியிருக்கிறார். உள்ளே பிள்ளை சத்தமாகப் படிக்கிற குரல் கேட்டதும் திரும்பிவிட்டார். எத்தனையோ பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பியவர் அல்லவா. இந்த நேரத்தில் வீட்டில் சண்டைச் சத்தம் வரக்கூடாது என்று நினைத்து அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை. குழுவில் படம் போட்டதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது. துண்டு விழுந்ததைக் கண்டு பயந்துபோனார். இந்தக் கட்டடத்தில் எல்லாக் குளியலறையும் ஒரே நேரத்தில் கட்டியவை, மற்ற மாடிகளிலும் சீலிங்கைப் பாருங்கள், கமிட்டி சேர்ந்து ஒரு நல்ல பாஸைக் கூப்பிட்டால் எல்லாருக்கும் லாபம் என்று நினைத்தார். ஆனால் படத்தோடு அவர் எழுதியது "இன்று காலை என் வீட்டில்" என்ற மூன்று நான்கு சொற்கள்தான். மிச்சம் எல்லாம் அவர் மனதில் இருந்தது.

மேல்வீட்டுக்காரருக்கு ரீச்சர் படியேறித் திரும்பியது தெரியாது. அவர் மறுபடி வந்து சொல்லாததால் கசிவு குறைந்துவிட்டது, ஷவரை மூடியது பலன் தருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆக இரண்டு வீடும் ஒன்றுக்காக ஒன்று விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கின்றன. இரண்டும் சத்தமில்லாமல் செய்ததால், ஒருவர் பொறுமை மற்றவருக்கு அலட்சியமாகவோ சம்மதமாகவோ தெரிந்தது. மனக்கசப்பு இங்கேதான் சமைகிறது. சொல்லாமல் விட்டுக்கொடுப்பது, மற்றவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் கடன் எழுதி வைப்பது போன்றது. கடன் வாங்கியது அவருக்கே தெரியாது. எழுதியவரோ ஒவ்வொரு நாளும் வட்டி கூட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் அவர் கேட்கிறபோது மற்றவர் திகைத்து நிற்பார். அந்தத் திகைப்பும் நன்றிகெட்டதனமாகத்தான் தெரியும்.

தன் மனதில் நினைத்ததைச் செய்ததாகவே கணக்கில் சேர்க்கிற பழக்கம் எல்லாரிடமும் உண்டு. ஜஸ்டின் குரூகரும் தோமஸ் கிலோவிச்சும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. தன்னை மதிப்பிடும்போது எண்ணத்துக்கு அதிக புள்ளி கொடுக்கிறோம், பிறரை மதிப்பிடும்போது அவ்வளவு கொடுப்பதில்லை. இதை அகங்காரம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். என் எண்ணம் எனக்குக் கேட்காமலே கிடைக்கிற தகவல். பாஸுக்குப் போன் எடுத்தபோது இருந்த அவசரம், அவர் வராதபோது வந்த எரிச்சல் எல்லாம் எனக்குள் சத்தமாக இருக்கின்றன. அவ்வளவு சத்தமாக இருக்கிற ஒன்று வெளியே கேட்கவில்லை என்று நம்புவது கஷ்டம்.

இந்த விஷயத்தைப் பெரிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. தனக்கு எப்போதும் சூழ்நிலையையும் பிறருக்கு எப்போதும் குணத்தையும் காரணம் காட்டுவது மனித இயல்பு என்று சொல்வார்கள். எட்வர்ட் ஜோன்ஸும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் 1971இல் முன்வைத்த கருத்து ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஆனால் பெர்ட்ரம் மாலெ 2006இல் 173 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது மொத்தத்தில் அந்த வித்தியாசம் மிகச் சிறியதாகவே இருந்தது. கெட்டது நடந்த சம்பவங்களில்தான் அது தெரிந்தது. நல்லது நடந்தபோது தலைகீழாகக்கூட வந்தது. நான் சபையில் காண்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. ரீச்சர் ஐந்தாம் மாடிக் குடும்பத்தைப் பற்றி ஒரு காலத்தில் நல்ல சாட்சி சொல்லக்கூடியவர். தீபாவளிக்குப் பலகாரம் மேலும் கீழும் போயிருக்கிறது. அப்போது யாரும் யாருடைய எண்ணத்தையும் சந்தேகப்படவில்லை. சந்தேகம் வந்தது பூச்சு விழுந்த பிறகு.

சரி, இதற்கு என்ன செய்வது? வழக்கமாகக் கிடைக்கிற புத்தி, "அவர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்" என்பது. நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் பிணக்குகளில் அது அவ்வளவாகப் பலன் தந்து நான் கண்டதில்லை. தால் எயால், மேரி ஸ்டெஃபெல், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2018இல் 25 பரிசோதனைகளை வெளியிட்டார்கள். மற்றவர் இடத்தில் இருந்து கற்பனை செய்தால் அவர் மனதில் இருப்பதைச் சரியாகக் கணிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. துல்லியம் கூடவில்லை. சில வேளை கணிப்பின் மேல் நம்பிக்கை மட்டும் கூடியது. அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டபோதுதான் துல்லியம் கூடியது. ரீச்சர் எவ்வளவு நேரம் கண்ணை மூடிக் கற்பனை செய்தாலும் மூடிய ஷவரையும் மாமியாரின் கைபிடியையும் கண்டுபிடித்திருக்க முடியாது. அவருக்குக் கிடைத்த கற்பனை, "தனி ஆள் என்று நினைக்கிறார்கள்" என்பதுதான்.

ஆகவே கேட்க வேண்டும். கேட்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன்" என்று தொடங்கும் கேள்வி எங்கள் வீடுகளில் குற்றச்சாட்டாகவே காதில் விழும். "ஏன் இவ்வளவு நாள்?" என்றால் பதிலாக வருவது காரணம் அல்ல, தற்காப்பு. "எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று கேட்டால் கதை வரும். ரீச்சர் இரண்டாவது வாரம் கதவைத் தட்டி, "தம்பி, பாஸ் வந்தவரோ? என்ன சொன்னவர்?" என்று கேட்டிருந்தால் ரைல் உடைக்க வேண்டும் என்பது அன்றே தெரிந்திருக்கும். அந்தக் கேள்விக்குள் 'நீ முயற்சி செய்திருப்பாய்' என்ற நம்பிக்கை ஏற்கெனவே இருக்கிறது. பதில் சொல்கிறவருக்கு அது போதும்.

நேரமும் முக்கியம். படியில், லிஃப்டில், வாசலில் செருப்புப் போடுகிற நேரத்தில் கேட்டால் "பார்க்கிறேன்" தவிர வேறு பதில் வராது. எழுத்தில் கேட்பதானால் தனியாக எழுத வேண்டும். குழுவில் எழுதினால், நினைத்தது எதுவாக இருந்தாலும் மற்றவருக்கு அது பகிரங்கம்தான்.

கேட்பதைவிட இலகுவானது தன் பக்கத்தைச் சொல்வது. ஆனால் அதைத்தான் யாரும் செய்வதில்லை. தாமதத்தைவிட, தாமதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் ஆட்களைக் காயப்படுத்துகிறது. மேல்வீட்டுக்காரர் அனுப்பியிருக்கக்கூடிய செய்தி இவ்வளவுதான்: "ரீச்சர், பாஸ் வந்து பார்த்தார். முழு ரைலும் உடைக்க வேணும், ஒரு வாரம் செல்லுமாம். மகளுக்குப் பரீட்சை முடிஞ்ச அடுத்த நாள் தொடங்குறம். அதுவரைக்கும் அந்தப் பாத்ரூம் ஷவரைப் பாவிக்காமல் விட்டிருக்கிறம். கூடினால் உடனே சொல்லுங்கோ." இதில் நான்கு விஷயம் இருக்கிறது. என்ன தெரியவந்தது, எப்போது செய்யப்போகிறோம், அதுவரை என்ன செய்கிறோம், நிலைமை மாறினால் என்ன செய்ய வேண்டும். மன்னிப்புக்கூட இல்லை. ஆனால் மனதுக்குள் இருந்த எண்ணம் இப்போது மற்றவர் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றாகிவிட்டது. சபையில் இதைப் படித்துக் காட்டியபோது ரீச்சர் சொன்னது, "இப்பிடி ஒரு மெசேஜ் வந்திருந்தா நான் இன்னும் ரெண்டு மாசம் இருந்திருப்பன்."

விட்டுக்கொடுப்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஆட்களுக்கு இது கூச்சம். செய்ததைச் சொல்லிக் காட்டக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் சொல்லிக் காட்டுவது பிறகு நடப்பது, கோபத்தில் நடப்பது. முன்கூட்டிச் சொன்னால் அது தகவல். "பிள்ளைக்குப் பரீட்சை என்று தெரியும் தம்பி, அது முடியுமட்டும் நான் பொறுத்துக்கொள்றன், ஆனா சீலிங் பொருமத் தொடங்கிட்டுது" என்று ரீச்சர் சொல்லியிருந்தால் அது பெருமை பேசுவதாகாது. தான் எவ்வளவு பொறுக்கிறார், எதுவரை பொறுப்பார் என்பது மேல்வீட்டுக்குத் தெரிந்திருக்கும். முக்கியமாக, அந்தப் பொறுமைக்கு ஒரு முடிவு நாள் இருந்திருக்கும்.

மேசையில் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நாங்கள் செய்யும் இன்னொரு வேலை, மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. ஒத்துக்கொள்ளத் தேவையில்லை, அவர் கேட்டுவிட்டு "ஓம், அதைத்தான் சொன்னனான்" என்று சொல்லும் வரை திருப்பிச் சொன்னால் போதும். முதல் தடவை பெரும்பாலும் சரியாக வராது. ரீச்சர் சொன்ன காரணத்தை மேல்வீட்டுக்காரர், "எல்லாருக்கும் காட்டத்தான் போட்டவ" என்று திருப்பிச் சொன்னார். மற்ற மாடிக்காரர்களும் தங்கள் சீலிங்கைப் பார்க்க வேண்டும் என்று போட்டதாக ரீச்சர் திருத்தினார். இரண்டாவது தடவை மேல்வீட்டுக்காரர் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டி வந்தது. சொல்லும்போதே குரல் இறங்கியது. இதை வீட்டிலும் செய்யலாம். ஆனால் கோபம் உச்சத்தில் இருக்கும்போது இது கிண்டலாகக் கேட்கும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற இடைவெளியாவது வேண்டும்.

இப்போது எல்லையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுவரை சொன்னதை வைத்து எண்ணம் நல்லதென்றால் எல்லாம் சரி என்று யாராவது நினைத்துவிடக்கூடாது. மேல்வீட்டுக்காரர் எண்ணம் தெரிந்த பிறகும் ரீச்சரின் சீலிங் நனைந்துதான் இருந்தது. எண்ணத்தைக் கேட்பது கோபத்தின் அளவைச் சரிசெய்யும். பொறுப்பை அது அழிக்காது. அந்தப் பிணக்கில் எழுதி ஒப்பமிட்ட இணக்கம் முழுக்கச் செயல்களாகவே இருந்தது. வேலை தொடங்கும் திகதி, பூச்சுக்குப் பிறகு தண்ணீர் தேக்கிப் பார்க்கும் நாளில் ரீச்சரும் கீழே நின்று சீலிங்கைப் பார்ப்பது, சீலிங் பூசிப் பெயின்ற் அடிக்கும் செலவு மேல்வீட்டுக்கு, கதிரைக் கால்களுக்கு இறப்பர், திகதி மாறினால் முதல் நாளே தனியாக அறிவிப்பது. படத்தைக் குழுவில் போட்டது சரியா என்பதில் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. அதில் ஒத்துப்போக வேண்டும் என்று நாங்களும் வற்புறுத்தவில்லை.

எண்ணத்தைக் காரணம் காட்டித் தப்பிக்கிறவர்களும் வருவார்கள். அவர்களை எப்படிப் பிரித்தறிவது? எண்ணம் உண்மையாக இருந்தால் அதில் விவரம் இருக்கும். எந்த பாஸ், என்ன சொன்னார், எவ்வளவு கேட்டார், எந்த நாள் சரிவரவில்லை என்று தட்டுத்தடுமாறியாவது சொல்வார்கள். தாங்கள் சுமந்த ஏதாவது ஒரு சின்னக் கஷ்டம் அதில் இருக்கும், மூடிய ஷவர் மாதிரி. வெறும் எண்ணத்தில் அது இருக்காது. "செய்வம், செய்வம்" என்பதற்கு மேல் போகாது. எத்தனை கேட்டாலும் அவர் மனதின் நல்ல தன்மையைப் பற்றித்தான் பேச்சு வரும். இன்னொரு அடையாளம், கொடுத்த திகதி தவறும்போது யார் முதலில் கதைக்கிறார் என்பது. திகதிக்கு முன்னரே அவர் சொன்னால் நம்பலாம். திகதி போய், நீங்கள் கேட்ட பிறகுதான் காரணம் வருகிறது, அதுவும் இரண்டு மூன்று தடவை அப்படியே வருகிறது என்றால், இனி அவர் எண்ணத்தைத் தேடுவதில் பயனில்லை. செயலை மட்டும் வைத்து முடிவெடுக்கலாம்.

அடி, மிரட்டல் இருக்கும் வீடுகளுக்கு இதைக் கொண்டுபோகக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடித்தவர் மனதில் என்ன இருந்தது என்று கேட்டு விளங்கிக்கொள்வது அடிபட்டவருடைய வேலை கிடையாது. அங்கே முதலில் பாதுகாப்பு, பிறகுதான் மற்ற எல்லாம்.

அயல்வீட்டுப் பிணக்குகளில் சிலது எங்களாலும் தீராது. ஒருவர் வரவே மாட்டார், அல்லது வந்தும் ஒரு திகதிகூடக் கொடுக்க மாட்டார். அப்போது இணக்கம் ஏற்படவில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுப்போம். அதை வைத்து நீதிமன்றம் போகலாம். அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் ஒன்று மட்டும் சொல்வேன்: வழக்குப் போடுங்கள், ஆனால் முறைப்பாட்டில் அவர் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பதைத் திகதியோடு எழுதுங்கள். அவர் என்ன நினைத்துச் செய்தார் என்ற வரிகளை வெட்டிவிடுங்கள். வெட்டிய பிறகு முறைப்பாடு பெரும்பாலும் பாதிப் பக்கத்துக்கு வந்துவிடும். மிஞ்சுகிற பாதியை நிரூபிக்கலாம்.